பதில் வராத இன்டர்ன்ஷிப் விண்ணப்பம்

மின்னஞ்சலில் விண்ணப்பித்து 2 வாரம் ஆகியும் பதில் இல்லையென்றால், முதலில் ஸ்பேம் பெட்டியையும் அறிவிப்பிலுள்ள கடைசித் தேதியையும் பார்க்க வேண்டும். அந்தத் தேதி வராதவரை பெரும்பாலும் தேர்வு தொடங்கியிருக்காது, கேட்பதில் பயனில்லை.

நினைவூட்டலைப் புதிய மின்னஞ்சலாக எழுதுவது பலரும் செய்யும் தவறு. Sent பகுதியில் உள்ள பழைய மின்னஞ்சலைத் திறந்து, Reply கொடுத்து எழுதினால் பெறுபவர் எதையும் தேட வேண்டியதில்லை. ஆனால் Reply கொடுக்கும்போது பழைய இணைப்பு கூடவே வராது. சுயவிவரத்தை மறுபடி இணைக்க வேண்டும்.

4 வரி போதும்:

"வணக்கம். ஜூன் மாத இன்டர்ன்ஷிப்புக்கு மே 5 அன்று விண்ணப்பித்திருந்தேன். தேர்வு எந்த நிலையில் உள்ளது எனத் தெரிவிக்க இயலுமா? கல்லூரியில் அனுமதிக் கடிதம் பெற மே 28 கடைசி நாள் என்பதால் கேட்கிறேன். சுயவிவரத்தை மீண்டும் இணைத்துள்ளேன்."

இதில் வேலை செய்வது மூன்றாவது வரி. உண்மையான ஒரு தேதி இருந்தால் கேள்வி நச்சரிப்பாகத் தெரியாது. அப்படித் தேதி இல்லாதவர் அந்த வரியை விட்டுவிடலாம், இட்டுக்கட்டக் கூடாது. "ஏன் இன்னும் பதில் இல்லை" என்ற தொனி எங்கும் வேண்டாம்.

மேலும் ஒரு வாரம் பதில் இல்லையென்றால், அறிவிப்பில் தொலைபேசி எண் இருந்தால் மட்டும் அலுவலக நேரத்தில் ஒருமுறை அழைக்கலாம். அதற்குமேல் அந்த இடத்தை விட்டுவிடுவதே சரி.