ரசீதின் பின்பக்கம் அச்சிட்டுவிட்டால் பொறுப்பு தீர்ந்ததா?

கேள்வி: எங்கள் பகுதியில் உள்ள ட்ரை கிளீனிங் கடையில் என் முகூர்த்தப் பட்டுப்புடவையைக் கொடுத்தேன். இரண்டு வருடங்களுக்கு முன் 32,000 ரூபாய்க்கு வாங்கியது. வாங்கிய பில் இருக்கிறது. ஒரு வாரம் கழித்துப் போனால், “தவறுதலாக வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம், தேடுகிறோம்” என்றார்கள். இதையே வாட்ஸ்அப்பிலும் எழுதியிருக்கிறார்கள். இப்போது ரசீதின் பின்பக்கத்தைக் காட்டி, சலவைக் கட்டணமான 450 ரூபாயின் பத்து மடங்கு, அதாவது 4,500 ரூபாய்தான் தர முடியும் என்கிறார்கள். பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கும் அந்த நிபந்தனையை நான் படித்ததே இல்லை, கையெழுத்தும் போடவில்லை. ஆனால் அதே கடையில் பல முறை துணி கொடுத்திருக்கிறேன். 4,500-ஐ வாங்கிக்கொள்வதுதான் வழியா? (வாசகி, மதுரை)

பதில்: வாங்கிவிடாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய ரசீதின் படத்தைப் பார்த்தேன். முன்பக்கம் கடைப் பெயர், டோக்கன் எண், தேதி, தொகை. பின்பக்கம் இருப்பதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: துணி துவைக்கும்போது சேதமானாலோ தொலைந்தாலோ சலவைக் கட்டணத்தின் பத்து மடங்குக்கு மேல் கடை பொறுப்பேற்காது. முன்பக்கத்தில் ‘பின்னால் பார்க்கவும்’ என்று ஒரு வரிகூட இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது, இந்த நிபந்தனை உங்கள் ஒப்பந்தத்துக்குள் வந்ததா என்பது. இதற்கான அளவுகோல் 1877-ல் இங்கிலாந்தில் தீர்ப்பான பார்க்கர் வழக்கிலிருந்து வருகிறது. ரயில் நிலையத்தில் பையை ஒப்படைத்தவருக்குக் கொடுத்த சீட்டில், 10 பவுண்டுக்கு மேல் பொறுப்பில்லை என்று எழுதியிருந்தது. பை தொலைந்தது. அவர் படித்தாரா என்பதோடு கேள்வி முடிந்துவிடாது, படிக்கும்படி நிறுவனம் போதுமான அளவு கவனத்தை ஈர்த்ததா என்று பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். எனவே ‘படிக்கவில்லை’ என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. ‘ஆங்கிலம் தெரியாது’ என்பதும் தனியாகப் போதாது. ஆனால் தமிழ் பேசும் வாடிக்கையாளர்களை நம்பி நடக்கும் கடை, மிக முக்கியமான நிபந்தனையைப் பொடி ஆங்கிலத்தில், பின்பக்கத்தில், முன்பக்கக் குறிப்பும் இல்லாமல் அச்சிட்டால், அது போதுமான அறிவிப்பு என்று சொல்வது கடினம். நிபந்தனை எவ்வளவு கடுமையானதோ, அறிவிப்பும் அவ்வளவு வெளிப்படையாக இருக்க வேண்டும். அது துணியை ஒப்படைப்பதற்கு முன்போ, ஒப்படைக்கும்போதோ தெரிய வேண்டும். வேலை முடிந்து பணம் கட்டும்போது நீட்டும் பில்லில் இருந்தால் பயனில்லை.

கடைக்காரரின் வக்கீல் பிடிக்கப்போகும் இடம் வேறு: நீங்கள் பழைய வாடிக்கையாளர், இதே ரசீதை முன்பும் பலமுறை வாங்கியிருக்கிறீர்கள், ஆகவே நிபந்தனை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பார். இது வெறும் வாயடி வாதமல்ல. தொடர்ந்து ஒரே மாதிரி நடந்த கொடுக்கல் வாங்கலில், ரசீதின் நிபந்தனையும் ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டதாக நீதிமன்றங்கள் சொன்னதுண்டு. ஒவ்வொரு முறையும் இதே அச்சில்தான் ரசீது கொடுத்தார்களா, சில நாள் வெறும் டோக்கனோடு அனுப்பினார்களா என்று வீட்டில் கிடக்கும் பழைய சீட்டுகளைத் தேடிப் பாருங்கள். நடைமுறை மாறி மாறி இருந்திருந்தால் அந்த வாதம் வலுவிழக்கும்.

சரி, நிபந்தனை உள்ளே வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது நடந்ததைத் தொடுகிறதா? ‘துவைக்கும்போது’ என்கிறது ரசீது. உங்கள் புடவை துவைக்கும்போது கிழியவில்லை, சாயம் போகவில்லை. கவுண்டரில் வேறொருவர் கைக்குப் போயிற்று. பொறுப்பைக் குறைக்கும் வாசகத்தில் சந்தேகம் இருந்தால், அதை எழுதியவருக்கு எதிராகவே நீதிமன்றம் பொருள் கொள்ளும். வாட்ஸ்அப்பில் அவர்களே ஒப்புக்கொண்டது இங்கேதான் உதவும். அந்தச் செய்தியை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள்.

இந்த இரண்டு வாதங்களும் தோற்றாலும் மூன்றாவது இருக்கிறது. அது நம் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்தது. ‘லில்லி ஒயிட் எதிர் முனுசாமி’ என்ற வழக்கு 1966-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. அங்கேயும் சலவைக்குக் கொடுத்த புதுப் புடவை தொலைந்தது. அங்கேயும் ரசீதில், சந்தை விலையில் பாதிக்கு மேல் கேட்க முடியாது என்று அச்சிட்டிருந்தது. அந்த நிபந்தனை பொதுநலக் கொள்கைக்கு விரோதமானது, செல்லாது என்றது நீதிமன்றம். பாதி விலையைக் கொடுத்துவிட்டுப் புதுத் துணியைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்றால், நேர்மையற்ற சலவைக்காரருக்கு அது லாபமாகிவிடுமே! உங்கள் வழக்கில் பாதிகூட இல்லை, ஏழில் ஒரு பங்குதான்.

ஒப்பிட ஒன்று சொல்கிறேன். 1945-ல் இங்கிலாந்தில், சலவைக்குக் கொடுத்த கைக்குட்டைகள் தொலைந்த வழக்கில், கட்டணத்தின் இருபது மடங்கு என்ற வரம்பை அந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எதிர்த்தரப்பு அதைக் காட்டலாம். உங்களுக்கு நெருக்கமானது சென்னைத் தீர்ப்புதான்.

அதன் அடிப்படை 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஒருவர் பொருளை நம்பி ஒப்படைத்தால், வாங்கியவர் சாதாரண அறிவுள்ள மனிதர் தன் பொருளைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்குக் கவனம் எடுக்க வேண்டும் என்கிறது 151-ஆவது பிரிவு. பொருள் திரும்பி வராவிட்டால், அந்தக் கவனத்தை எடுத்தோம் என்று காட்ட வேண்டியது வாங்கியவர் வேலை. டெல்லி தாஜ்மஹால் ஹோட்டல் வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. பார்க்கிங் ஊழியரிடம் கொடுத்த கார் திருடுபோனது. டோக்கனில் ‘உரிமையாளர் பொறுப்பு’ என்ற வாசகம். தன் ஊழியர்களின் கவனக்குறைவிலிருந்து அதை வைத்து ஹோட்டல் தப்ப முடியாது என்று தீர்ப்பானது.

கையெழுத்து போட்டிருந்தால் நான் இவ்வளவு தைரியமாக எழுதியிருக்க மாட்டேன். 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கைப் பாருங்கள். ஜெர்மனிக்கு ஆயத்த ஆடை ஏற்றுமதி செய்த நிறுவனம், அதற்கான ஆவணங்களைக் கூரியரில் அனுப்பியது. அவை போய்ச் சேரவில்லை. அனுப்பும் சீட்டில், 100 டாலருக்கு மேல் பொறுப்பில்லை என்ற நிபந்தனையின் கீழ் கையெழுத்திட்டிருந்தார்கள். நஷ்டம் எவ்வளவு பெரிதானாலும் 100 டாலர்தான் என்றாகிவிட்டது.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று தனியாகவே ஒரு வகை உண்டு. அந்த அடிப்படையில் நிபந்தனையை ரத்து செய்யக் கேட்டால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். ஒரு புடவைக்கு அந்தச் சுற்று தேவையில்லை. சேவைக் குறைபாடு என்று மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்கள் மதிப்பில் கட்டணம் கிடையாது, வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. இரண்டு வருடக் காலக்கெடு உண்டு.

முழு 32,000 கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். இரண்டு வருடப் புடவை, உடுத்தியது. ஆணையம் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். புடவை வாங்கிய பில், கல்யாண போட்டோ, கடை ரசீது, வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றின் நகல்களோடு, பதினைந்து நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்குள் கடைக்காரர் 4,500-ஐ நீட்டினால், ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிய எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வாங்கியே ஆக வேண்டிய நிலை என்றால், ‘பகுதித் தொகையாக, என் உரிமைக்குப் பாதகமின்றி’ என்று உங்கள் கையாலேயே எழுதிவிட்டு வாங்குங்கள்.