நிறுத்திவைத்த தொகை

நுழையுமுன்

மாணவர்களே! ஒரு பொருளைச் செய்து தருமாறு சொல்கிறோம். பொருள் வந்து சேர்கிறது. ஆனால் அதில் சில குறைகள் இருக்கின்றன. விலையில் ஒரு பகுதி இன்னும் நம் கையில் இருக்கிறது. அதை முழுவதும் கொடுத்துவிடுவதா? முழுவதும் நிறுத்திவிடுவதா? இரண்டுக்கும் நடுவே நேர்மையான ஒரு வழி உண்டு. அவ்வழியையும் அதற்குரிய மடலை எழுதும் முறையையும் இப்பாடத்தில் காண்போம்.

பாடப்பகுதி

மும்பை செம்பூரில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்ந்து வந்தது. அவர்கள் தம் வீட்டிற்கு ஓர் உடை அலமாரியும் மகளுக்குப் படிப்பு மேசையும் செய்ய எண்ணினர். தாராவியில் தச்சுப் பட்டறை நடத்தும் ஒருவரிடம் அப்பணியை ஒப்படைத்தனர். அவருடைய முன்னோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். மொத்த விலை 60,000 ரூபாய். முன்பணமாக 24,000 ரூபாயும், பாதி வேலை முடிந்தபோது 18,000 ரூபாயும் கொடுத்தாயிற்று. எஞ்சிய 18,000 ரூபாயைப் பொருள்கள் வீடு வந்து சேர்ந்ததும் தருவது என்பது பேச்சு.

ஜூன் மாதத்தின் முதல் வாரத்தில் பொருள்கள் வந்தன. அலமாரியின் இடக்கதவு நடுச்சட்டத்தில் உரசியது. கீழ் இழுப்பறை முழுவதும் உள்ளே செல்லாமல் இரண்டு விரற்கடை வெளியே நின்றது. மேசையின் முன்விளிம்பில் ஒட்டியிருந்த மைக்கா ஒரு முழ நீளத்திற்குத் தூக்கி நின்றது. விரலால் தட்டிப் பார்த்தபோது மற்ற இடங்களில் கெட்டியான ஓசையும், அவ்விடத்தில் வெற்றோசையும் எழுந்தன. அடியில் பசை பிடிக்கவில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

தந்தைக்குச் சினம் வந்தது. “பதினெட்டாயிரத்தையும் நிறுத்திவிடலாம், அப்பா. பணம் கைக்குப் போய்விட்டால் அவர் திரும்பி வரமாட்டார்” என்றார்.

தாத்தா ரயில்வே கட்டுமானப் பிரிவில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அமைதியாகச் சொன்னார்: “ஐயாயிரம் ரூபாய்க் குறைக்குப் பதினெட்டாயிரத்தை நிறுத்தினால், நாம்தான் அவருக்குக் கடன்காரர் ஆவோம். அவரிடம் வேலை செய்த இரண்டு பேருக்கு இந்த வாரக் கூலி போக வேண்டும். அரசுக் கட்டுமான வேலைகளில் நாங்கள் பட்டியல் தொகை முழுவதையும் நிறுத்தியதில்லை. ஒப்பந்தத்தில் சொன்ன ஒரு சிறு பங்கை மட்டும் பிடித்துவைப்போம். குறைகளைச் சரிசெய்து தரவேண்டிய காலம் முடிந்ததும் அதைத் திருப்பிக் கொடுப்போம். முதலில் குறைகளை எழுது. பிறகு தொகையைப் பார்ப்போம்.”

மகள் ஏட்டை எடுத்து எழுதினாள். மூன்று குறைகளுக்குப் பின் நான்காவதாக, “அலமாரியின் நிறம் இருண்டிருக்கிறது” என்று தந்தை சொன்னார். தாத்தா, “நாம் தேர்ந்தெடுத்த மாதிரிப் பலகையைக் கொண்டு வா” என்றார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது நிறம் ஒன்றாகவே இருந்தது. “பேசியபடி அமையாதது குறை. பேசியபடி அமைந்தும் நமக்குப் பிடிக்காமற் போனது குறை ஆகாது. இதற்காகப் பணத்தை நிறுத்த நமக்கு உரிமை இல்லை” என்று கூறி, அந்த வரியை அடிக்கச் செய்தார்.

அடுத்து, ஒவ்வொரு குறையையும் வேறொருவரைக் கொண்டு நீக்கினால் என்ன செலவாகும் என்று பக்கத்துத் தெருத் தச்சரிடம் கேட்டறிந்தனர். கதவின் கீல்களை மாற்றிப் பொருத்த 900 ரூபாய். இழுப்பறை ஓடும் சேனல்களைக் கழற்றி நேராக அமைக்க 1,100 ரூபாய். மேசை விளிம்பின் மைக்காவை எடுத்துப் புதிதாக ஒட்ட 3,000 ரூபாய். ஆக மொத்தம் 5,000 ரூபாய். பிறர் செய்த வேலையில் கைவைக்கும்போது எதிர்பாராத செலவும் வரும். ஆதலால் பாதியைக் கூட்டி 7,500 ரூபாயை நிறுத்திவைப்பது என்றும், 10,500 ரூபாயை அன்றே கொடுத்துவிடுவது என்றும் முடிவு செய்தனர்.

“இந்தத் தொகை அவருக்குத் தண்டனை அன்று. வேலை முடிந்தவுடன் அவரிடம் போய்ச் சேர வேண்டிய அவருடைய பணம். எனவே எவ்வளவு, எதற்காக, எப்போது கிடைக்கும் என்ற மூன்றும் அவருக்கு எழுத்தில் தெரிய வேண்டும்” என்றார் தாத்தா. மகள் மடலை எழுதினாள், தந்தை கையொப்பமிட்டார்.

மாதிரி மடல்

செம்பூர், மும்பை
10.06.2024

அனுப்புநர்: வீட்டு உரிமையாளர், செம்பூர்.
பெறுநர்: தச்சுப் பட்டறை உரிமையாளர், தாராவி.
பொருள்: மூன்று குறைகள் நீங்கும்வரை ரூ. 7,500 நிறுத்திவைத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் செய்து தந்த அலமாரியும் மேசையும் கிடைத்தன. கீழ்க்காணும் மூன்றைத் தவிர மற்ற வேலைகள் அனைத்தும் நிறைவாக உள்ளன.

1. அலமாரியின் இடக்கதவு நடுச்சட்டத்தில் உரசுகிறது.
2. கீழ் இழுப்பறை முழுவதும் மூடவில்லை.
3. மேசையின் முன்விளிம்பில் மைக்கா ஒரு முழ நீளம் ஒட்டாமல் இருக்கிறது.

தங்களுக்குத் தர வேண்டிய ரூ. 18,000-இல் ரூ. 10,500 இன்று அனுப்பியுள்ளேன். ரூ. 7,500 மட்டும் என்னிடம் உள்ளது. அது கீழ்க்கண்டவாறு தங்களுக்கு வந்து சேரும்.

அ) கதவு எங்கும் உரசாமல் மூடி, இழுப்பறையும் முழுவதும் உள்ளே சென்றால், அன்றே ரூ. 3,000 அனுப்புவேன்.
ஆ) மைக்காவைப் புதிதாக ஒட்டிய நாளிலிருந்து ஏழு நாள் கழித்துத் தட்டிப் பார்க்கும்போது எங்கும் வெற்றோசை இல்லையெனில், அன்றே ரூ. 4,500 அனுப்புவேன்.

இவ்வேலைகளை 20.06.2024-க்குள் செய்து தருமாறு வேண்டுகிறேன். அந்நாளுக்குள் இயலாதெனில் தெரிவியுங்கள்; வேறு நாள் குறித்துக்கொள்ளலாம். மறுமொழியே இல்லையெனில், வேறொருவரைக் கொண்டு வேலையை முடித்து, அவர் தரும் பற்றுச்சீட்டின்படி ஆன செலவை மட்டும் கழித்துக்கொண்டு, மீதியைத் தங்களுக்கு அனுப்பிவிடுவேன். இம்மூன்றைத் தவிர வேறு எக்காரணத்திற்காகவும் இத்தொகையை நிறுத்திவைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

பின்னர் நிகழ்ந்தது

பட்டறை உரிமையாளர் ஜூன் 18 அன்று ஆளோடு வந்தார். கதவும் இழுப்பறையும் அன்றே சரியாயின; மாலைக்குள் 3,000 ரூபாய் அவரிடம் சேர்ந்தது. மைக்காவையும் ஒட்டிவிட்டுச் சென்றார். மும்பையில் மழை தொடங்கிக் காற்றில் ஈரம் மிகுந்திருந்தது. ஏழாம் நாள் மகள் விளிம்பு நெடுகத் தட்டிப் பார்த்தாள். வலமூலையில் மீண்டும் வெற்றோசை கேட்டது.

தந்தை அன்றே தொலைபேசியில் அதைத் தெரிவித்தார். பட்டறை உரிமையாளர் மறுநாள் வந்து, தாமே தட்டிப் பார்த்து ஒப்புக்கொண்டார். இம்முறை விளிம்பு முழுவதையும் உரித்து, பழைய பசையைச் சுரண்டி, பலகையை நன்றாகக் காயவைத்து, புதுப் பசையிட்டு இறுக்கிப் பூட்டி வைத்தார். ஜூலை 3 அன்று தட்டிப் பார்த்தபோது ஓசை எங்கும் கெட்டியாக இருந்தது. அக்கணமே 4,500 ரூபாய் அனுப்பப்பட்டது.

அவர் விடைபெறும்போது தாத்தாவிடம், “பணத்தை நிறுத்துபவர்கள் பலர், ஐயா. எதைச் செய்தால் வரும் என்று எழுதிக் கொடுப்பவர் சிலரே. மீதிப் பணம் வந்ததால் பையன்களுக்குக் கூலியும் தடையின்றிக் கொடுத்துவிட்டேன்” என்றார்.

அறிந்துகொள்வோம்

இந்தியாவில் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. விற்றவர் உறுதியளித்த தரத்தில் பொருள் அமையாவிட்டால், அதனால் நேர்ந்த இழப்பை வாங்கியவர் விலையில் குறைத்துக் கேட்கலாம் என்று அதன் 59ஆம் பிரிவு கூறுகிறது. குறைக்கும் அளவு இழப்புக்குத் தக்கதாக இருக்க வேண்டும். சிறு குறையைக் காட்டி விலை முழுவதையும் மறுப்பதற்கு இது இடமன்று. வேலையைத் தொடங்கும்போதே, “குறை இருப்பின் இவ்வளவு நிறுத்திவைக்கப்படும்” என்று இருவரும் எழுதிக்கொண்டால் பின்னர்ப் பூசல் எழாது.

இத்தகைய மடல்களில் மூன்று பிழைகள் அடிக்கடி நேர்கின்றன. முதலாவது, “எனக்கு நிறைவாக இருந்தால் தருவேன்” என்று எழுதுவது. நிறைவு ஒருவர் மனத்தில் இருப்பது. மற்றவர் அதை அளந்து பார்க்க இயலாது. “உரசாமல் மூட வேண்டும்” என்பதை இருவரும் கண்ணால் காணலாம். இரண்டாவது, நாள் குறிக்காமல் விடுவது. மூன்றாவது, சொன்ன குறைகள் நீங்கிய பின் புதிய குறைகளைச் சேர்த்துப் பணத்தைத் தொடர்ந்து பிடித்துவைப்பது. புதிதாக ஒரு குறை தெரிந்தால் அதைத் தனியே தெரிவிக்க வேண்டும். வாக்களித்த தொகையைக் கொடுத்துவிட வேண்டும்.

சொற்பொருள்

முன்பணம் – வேலை தொடங்கும் முன் தரும் பணம்
இழுப்பறை – மேசையிலும் அலமாரியிலும் இழுத்துத் திறக்கும் அறை
கீல் – கதவைச் சட்டத்தோடு இணைத்துத் திருப்ப உதவும் உறுப்பு
வெற்றோசை – உள்ளீடற்ற இடத்தைத் தட்டும்போது எழும் ஓசை
பற்றுச்சீட்டு – பணம் பெற்றதற்குச் சான்றாகத் தரும் சீட்டு
பூசல் – சண்டை, தகராறு

பயிற்சி

அ. ஓரிரு வரிகளில் விடை எழுதுக.
1. மேசையின் மைக்கா ஒட்டவில்லை என்பதை எவ்வாறு அறிந்தனர்?
2. நிறத்தைப் பற்றிய வரியைத் தாத்தா ஏன் அடிக்கச் சொன்னார்?
3. 7,500 ரூபாய் என்னும் தொகை எவ்வாறு கணக்கிடப்பட்டது?

ஆ. ஐந்து வரிகளில் விடை எழுதுக.
1. நிறுத்திவைத்த தொகையை இரண்டாகப் பிரித்ததனால் பட்டறை உரிமையாளருக்கு விளைந்த நன்மை யாது?
2. மைக்காவுக்கு மட்டும் ஏழு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது ஏன்?

இ. கீழ்வரும் தொடர்களை, இருவரும் சரிபார்க்கத்தக்க நிபந்தனைகளாக மாற்றி எழுதுக.
1. குழாய் நன்றாக இருந்தால் பணம் தருவேன்.
2. சட்டைகளை ஒழுங்காகத் தைத்துத் தந்தால் மீதியைத் தருவேன்.

ஈ. மடல் எழுதுக.
உங்கள் குடியிருப்பின் தமிழ் மன்றம் 20 நாற்காலிகளை 16,000 ரூபாய்க்கு வாங்கியது. 10,000 ரூபாய் கொடுத்தாயிற்று. மூன்று நாற்காலிகளின் கால்கள் ஆடுகின்றன. ஒன்றைச் சரிசெய்ய 300 ரூபாய் ஆகும். இன்று கொடுக்கும் தொகை, நிறுத்திவைக்கும் தொகை, அது விடுவிக்கப்படும் நிபந்தனை, நாள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு விற்பனையாளருக்கு ஒரு மடல் வரைக.