கரண்ட் வைத்த தாடையில் கைவைக்கும் முன்

“பல்லைப் புடுங்கின எடத்துல ஒரு துண்டை உள்ளயே விட்டுட்டாங்க டாக்டர். நாக்குல குத்திக்கிட்டே இருக்கு.”

நெல் வியாபாரம் செய்பவர், வயது 56. நான்கு ஆண்டுகளுக்கு முன் இடது டான்சிலில் புற்றுநோய் வந்து, கதிர்வீச்சு சிகிச்சையில் குணமானவர். நம் ஊர் வழக்கில் சொன்னால் ‘கரண்ட் வைத்தவர்’. இரண்டரை மாதத்துக்கு முன் இடது கீழ்க் கடைவாய்ப் பல் வலித்திருக்கிறது. பக்கத்தில் இருந்த பல் மருத்துவரிடம் போய்ப் பிடுங்கிக்கொண்டார். பழைய நோயைப் பற்றி அவர் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஈறு மூடியிருக்க வேண்டிய இடத்தில் பச்சைப் பயறு அளவுக்கு மஞ்சளும் சாம்பலுமாக ஏதோ தெரிந்தது. கருவியால் மெல்லத் தட்டினால் ‘டிக்’கென்று ஓசை வந்ததே தவிர, அவருக்கு வலிக்கவில்லை. அது பல் துண்டு இல்லை, அவருடைய தாடை எலும்பு. உயிரற்றுப் போனதால்தான் வலிக்கவில்லை.

தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெறுபவர்களிடம் பல்லைப் பற்றிச் சில நம்பிக்கைகள் வேரூன்றிக் கிடக்கின்றன. இந்த நெல் வியாபாரியும் அவற்றில் இரண்டை நம்பியிருந்தார்.

நம்பிக்கை: “கரண்ட் வைத்து நாலு வருஷம் ஆச்சு. இனிமேல் இது சாதாரணப் பல்தானே?”

இந்த நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் அதிகக் கேடு செய்கிறது.

பல்லைப் பிடுங்கினால் தாடையில் ஒரு குழி விழுகிறது. அதில் இரத்தம் உறைய வேண்டும், அந்த உறைவுக்குள் புதிய நுண்குழாய்கள் நுழைய வேண்டும், எலும்பு செய்யும் செல்கள் வந்து குழியை நிரப்ப வேண்டும். ஆரோக்கியமான தாடையில் மூன்று நான்கு வாரத்தில் ஈறு மூடிவிடும், உள்ளே எலும்பு நிரம்பச் சில மாதம் ஆகும். கதிர்வீச்சு இந்த வேலையாட்கள் அத்தனை பேரையும் குறைத்துவிடுகிறது. நுண்குழாய்களின் உட்சுவர் கெட்டு அவை அடைபடுகின்றன. எலும்புச் செல்கள் மடிகின்றன. அந்த இடத்தில் தழும்புத் திசு வளர்கிறது. பல் இருக்கும் வரை தாடை எப்படியோ சமாளித்துக்கொண்டிருக்கும். காயம் பட்டதும் ஆற்றுவதற்கு ஆள் இல்லாமல் போகிறது. மூன்று மாதமாகியும் எலும்பு மூடாமல் வெளியே தெரிந்து, புற்றுநோய் திரும்பி வரவில்லை என்பதும் உறுதியானால், அதைக் கதிர்வீச்சால் வந்த எலும்பு அழிவு என்கிறோம். காயம் இல்லாமல் தானாக வருவதும் உண்டு.

மேல்தாடையைவிடக் கீழ்தாடையில்தான் இது அதிகம். மேல்தாடைக்குப் பல கிளைகளிலிருந்து இரத்தம் வருகிறது. கீழ்தாடையின் பின்பகுதியோ பெரும்பாலும் எலும்புக்குள் ஓடும் ஒரே தமனியை நம்பியிருக்கிறது, எலும்பும் அங்கே கெட்டி. டான்சில், நாக்கு, கன்னம் ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்க்குக் கதிர் பாய்ச்சும்போது அந்தக் கடைவாய்ப் பகுதிதான் வழியில் நிற்கிறது. பொதுவாக ஒரு நாளைக்கு 2 கிரே, வாரம் 5 நாள் என்று ஆறேழு வாரத்தில் 60 முதல் 70 கிரே வரை கொடுப்பார்கள். தாடையின் எந்தப் பகுதி 50 கிரேக்கு மேல் வாங்கியதோ, அங்கேதான் கவலை. அதே ஆளின் மறுபக்கத் தாடை மிகக் குறைவாக வாங்கியிருக்கலாம், அங்கே பல் எடுப்பது பெரிய விஷயம் இல்லை. ஆகவே ‘கரண்ட் வைத்தாரா’ என்று கேட்பதோடு நிற்கக் கூடாது. எந்தப் பக்கம், அந்தப் பல்லின் வேர் இருக்கும் இடத்துக்கு எவ்வளவு என்றும் கேட்க வேண்டும்.

காலம் போனால் இந்த ஆபத்து கரைந்துவிடும் என்று நினைப்பது தவறு. நுண்குழாய் அடைப்பும் தழும்பும் ஆண்டுகள் செல்லச் செல்லத் தொடர்கின்றன. எலும்பு அழிவு முதல் மூன்று ஆண்டுகளுக்குள் வருவதே அதிகம் என்றாலும், பத்து ஆண்டுக்குப் பிறகு பல் எடுத்து மாட்டிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

அவருக்கு என்ன செய்திருக்க வேண்டும்? பல்லைப் பிடுங்காமலே வலியைத் தீர்த்திருக்கலாம். வேர் சிகிச்சை செய்து, உடைந்த மேற்பகுதியை ஈறு மட்டத்துக்கு வெட்டிவிட்டு, வேரை அடைத்து அப்படியே எலும்புக்குள் விட்டுவிடலாம். பார்க்க அழகாக இருக்காது, மெல்லவும் உதவாது. ஆனால் எலும்பில் காயமே இல்லை. இந்தத் தாடைக்கு அதுதான் நல்ல வைத்தியம்.

வேறு வழியில்லாமல் எடுத்தே ஆக வேண்டிய பல்லும் உண்டு. அதற்காக அலற வேண்டாம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2011ஆம் ஆண்டுத் தொகுப்பின்படி, கதிர்வீச்சுக்குப் பிறகு பல் எடுத்தவர்களில் எலும்பு அழிவு வந்தது ஏறக்குறைய 100க்கு 7 பேருக்கு. மீதிப் பேருக்கு ஆறிவிட்டது. அனுபவமுள்ளவர் கையில், எலும்பை அதிகம் நோண்டாமல், ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு பல் மட்டும் எடுத்து, கூர்முனைகளை மழுக்கி, ஆறும் வரை வரவழைத்துப் பார்க்க வேண்டும்.

நம் நோயாளிக்கு முதலில் புற்றுநோய் திரும்பவில்லை என்று திசுச் சோதனையில் உறுதி செய்துகொண்டோம். ஆறாத புண் என்றால் அந்தச் சந்தேகம்தான் முதலில் வர வேண்டும். தாடை முழுவதையும் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில், பல் இருந்த குழியைச் சுற்றிச் சிறிய அளவில் எலும்பு கரைந்திருந்தது. நாக்கில் குத்திய முனையை மழுக்கினோம். கிருமிநாசினிக் கொப்பளிப்பு, சீழ் கட்டியபோது ஆன்டிபயாடிக், பென்டாக்ஸிஃபிலின் மாத்திரையோடு வைட்டமின் ஈ. பீடியையும் வெற்றிலைப் பாக்கையும் விட வைத்தோம். எட்டாவது மாதம், செத்த எலும்பு ஒரு சிறு சில்லாகக் கழன்று வந்தது. அதன் அடியில் ஈறு சிவப்பாக வளர்ந்து மூடியிருந்தது.

அவருக்கு யோகம் இருந்தது. இன்னும் ஆழமாகப் போயிருந்தால் கன்னத்தோலில் துளை விழுந்து சீழ் வடியும், கீழுதடு மரத்துப்போகும், சாப்பிடும்போதே தாடை முறியும். அந்தக் கட்டத்தில் தாடையை வெட்டி எடுத்துவிட்டுக் காலில் உள்ள சிறிய எலும்பை எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.

நம்பிக்கை: “உயிர் போற நேரத்துல பல்லா முக்கியம்? மொதல்ல கரண்ட் வைக்கட்டும்.”

அவர் நம்பிய இரண்டாவது விஷயம் இது. அந்தக் கடைவாய்ப் பல் அன்றே பாதி சொத்தை.

பல் சோதனைக்காகப் புற்றுநோய் சிகிச்சையைத் தள்ளிப்போட யாரும் சொல்லவில்லை, தள்ளவும் கூடாது. ஆனால் முகக்கவசம் செய்வது, ஸ்கேன் எடுப்பது, கதிர் எங்கே எவ்வளவு விழ வேண்டும் என்று திட்டமிடுவது என்று முதல் கதிர் பாய்வதற்கு முன் எப்படியும் சில நாட்கள் ஓடுகின்றன. அந்த நாட்கள்தான் பல் மருத்துவருக்குக் கிடைக்கும் அவகாசம். எடுக்க வேண்டிய பல்லைக் குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன், முடிந்தால் மூன்று வாரத்துக்கு முன் எடுத்துவிட வேண்டும். புற்றுநோய் உறுதியான அன்றைக்கே பல் சோதனைக்கும் சீட்டு எழுதிக் கேளுங்கள்.

இதற்கு நேர் எதிராக இன்னொரு பேச்சும் உண்டு. “எல்லாத்தையும் புடுங்கிட்டா தொல்லை விட்டுச்சு” என்பார்கள். ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படிச் செய்தார்கள். இப்போது அது தேவையில்லை. கதிர் அதிகமாக விழப்போகும் பகுதியில், காப்பாற்ற முடியாத சொத்தை, ஈறு இறங்கி ஆடும் பல், பாதி முளைத்து அடிக்கடி வீங்கும் ஞானப்பல் இவற்றை மட்டும் எடுத்தால் போதும். நல்ல பல்லைப் பிடுங்கினால் பிறகு பல் செட் போட வேண்டிவரும். எச்சில் இல்லாத வாயில் பல் செட் உராய்ந்து புண்ணாகி, அந்தப் புண் வழியாகவே எலும்பு வெளிவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நம்பிக்கை: “வாய் வறண்டா ஒரு எலுமிச்சை மிட்டாய் போட்டுக்கிட்டா சரியாப் போயிடும்.”

கதிர் எச்சில் சுரப்பிகளையும் வாட்டுகிறது. எச்சில்தான் பல்லைக் கழுவி, அமிலத்தை முறித்து, எனாமலுக்குச் சுண்ணாம்புச் சத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. அது வற்றினால் சில மாதங்களிலேயே பல் ஈறோரத்தில் சுற்றிலும் கரைந்து, மரத்தைச் சுற்றிக் கோடரி போட்டதுபோல் முறிந்து விழும். சாதாரணமாகச் சொத்தையே பிடிக்காத கீழ் முன்பற்கள்கூடத் தப்புவதில்லை. அந்த வாயில் சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்த மிட்டாயை ஊறவைப்பது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதுதான். வறட்சிக்கு அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர், சர்க்கரை இல்லாத சூயிங் கம். கொப்பளிக்க, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும்.

பல்லைக் காக்க ஃப்ளோரைடு வேண்டும். கடையில் வாங்கும் பற்பசையில் ஏறக்குறைய 1000 பிபிஎம் இருக்கும். இவர்களுக்கு 5000 பிபிஎம் அளவுள்ள பற்பசையோ ஜெல்லோ எழுதிக் கொடுப்போம். ஜெல் என்றால், அவரவர் பல்லுக்கு அளவெடுத்துச் செய்த உறையில் ஒரு கோடு தடவி, இரவு படுக்கும் முன் 5 முதல் 10 நிமிடம் மாட்டிக்கொள்ள வேண்டும். பிறகு துப்பலாம், அரை மணி நேரம் கொப்பளிக்கவோ குடிக்கவோ கூடாது. சொந்தப் பல் வாயில் இருக்கும் வரை தினமும். ஆறு மாதத்தில் நிறுத்திவிட்டு, மறு வருடம் வாய் நிறைய வேர்களோடு வருபவர்களைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை. அந்த வேர்களைத்தான் நாங்கள் பிடுங்கப் பயப்படுகிறோம்.

நம்பிக்கை: “ஆக்சிஜன் அறைக்குள்ள உட்கார வெச்சுட்டுப் புடுங்கினா ஒண்ணும் ஆகாது.”

1985இல் வந்த ஒரு ஆய்வு அப்படித்தான் சொன்னது. பிரிட்டனை மையமாகக் கொண்டு நடந்த ‘ஹோபான்’ ஆய்வு அதை மறுபடி சோதித்து 2019இல் வெளிவந்தது. ஆறு மாத முடிவில் எலும்பு அழிவு, ஆக்சிஜன் அறைக்குப் போனவர்களில் 6.4 சதவீதம், போகாதவர்களில் 5.7 சதவீதம். பல் எடுப்பதற்கு முன் எல்லோருக்கும் இதைச் செய்ய வேண்டும் என்பதற்கு இனி ஆதாரம் இல்லை. இதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கதிர்வீச்சு முடிந்து வீட்டுக்குப் போகும்போது, சிகிச்சைச் சுருக்கத்தில் இருக்கும் ஒரு வரியை ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்: ‘டான்சில், இடது பக்கம், 66 கிரே, 33 நாள், முடிந்த மாதமும் ஆண்டும்’. எந்த ஊரில், எந்தப் பல் மருத்துவரிடம் போனாலும், நாற்காலியில் சாய்வதற்கு முன் அந்த அட்டையைக் கொடுங்கள். அவர் கேட்காவிட்டாலும் கொடுங்கள்.