சேராவின் அறைக்கு நாங்கள் இட்ட கூரை

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவியர் சார்பில் ஒரு மாணவி)



எங்கள் புதூரில் வீடு என்றால் மட்டமான மொட்டை மாடி வீடு, அல்லது ஓட்டு வீடு. ஓட்டுக் கூரையின் அடியில் பரண் இருக்கும். அதில் பருத்திச் சாக்கும் பழைய பாத்திரமும் கிடக்குமே தவிர, மனிதர் படுத்து உறங்குவதில்லை. சித்திரை வெயிலில் ஓட்டின் அடியில் யாரால் உறங்க முடியும்? ஆனால் மழையும் பனியும் மிகுந்த குளிர்நாடுகளில் கூரையைச் செங்குத்தாகச் சரித்துக் கட்டுகிறார்கள். அதன் அடியில் மிஞ்சும் முக்கோண இடமும் ஓர் அறையாகி விடுகிறது. பெரும்பாலும் வேலைக்காரரும் ஏழைகளும் அதில் உறங்கினர்.

இவ்வாண்டு எங்கள் பள்ளி விழாவுக்கு அத்தகைய அறை ஒன்று தேவைப்பட்டது. பிரான்சஸ் ஹாட்சன் பர்னெட் என்ற அம்மையார் 1905-இல் வெளியிட்ட 'எ லிட்டில் பிரின்சஸ்' என்ற கதையை நாங்கள் நாடகமாக்கினோம். இந்தியாவிலிருந்து லண்டன் விடுதிப் பள்ளிக்குச் சென்ற சேரா என்னும் சிறுமி, தந்தை இறந்ததும் கூரையடி அறைக்குத் துரத்தப்படுகிறாள். கதையில் கூரைச் சரிவிலேயே ஒரு கண்ணாடி ஜன்னல் பதிந்திருக்கும். மேடையில் அது தெளிவாகத் தெரியாது என்பதால், கூரையிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் 'டார்மர்' ஜன்னலை வைத்துக்கொண்டோம். பிரெஞ்சு மொழியில் உறக்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. உறங்கும் அறையின் ஜன்னல் என்பது பொருள்.

12 அடி அகலமும் 10 அடி உயரமும் கொண்ட காடாத் துணியில் நாங்கள் அறுவர் மூன்று நாள் வரைந்தோம். தூரத்திலிருந்து பார்த்த சிஸ்டர், "ஏதோ சரியில்லையே!" என்றார்கள். என்ன சரியில்லை என்று எங்களுக்குப் புரியவில்லை. விழாவுக்குப் பத்து நாட்களே இருந்தன.

அன்று பெஞ்சுகளைப் பழுது பார்க்க வந்திருந்த தச்சர் தாத்தா துணியின் முன் நின்றார். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"தாயி, இந்தக் கைமரம் எதுமேல நிக்குது?" என்று கேட்டார்.

"கூரைமேல் தாத்தா" என்றோம்.

"கூரை கைமரத்து மேல நிக்கும். கைமரம் எதுமேல நிக்குது?"

நாங்கள் விழித்தோம். அவர் எங்களைப் பழைய ஓட்டுக் கட்டிடத்துக்குள் அழைத்துச் சென்று அண்ணாந்து பார்க்கச் சொன்னார். பத்தாண்டுகளாக அதன் அடியில் படித்த நாங்கள் அன்றுதான் அதைக் கண்டோம். உச்சியில் நீளவாட்டில் ஓடுவது முகட்டு வளை. அதன் இரு நுனிகளும் இரு பக்கத்து முக்கோணச் சுவர்களில் அமர்ந்திருக்கின்றன. பக்கச் சுவரின் தலையில் படுத்திருப்பது சுவர்ச் சட்டம். இவ்விரண்டையும் இணைத்துச் சாய்வாக இறங்குவது கைமரம். எந்தக் கைமரத்துக்கும் மேலே ஒரு பிடி, கீழே ஒரு பிடி உண்டு. கைமரங்கள் விரிந்து சுவரைத் தள்ளாதபடி குறுக்கே ஒரு சட்டம் இருபுறமும் பிடித்துக்கொள்கிறது. எங்கள் ஓவியத்திலோ சில கைமரங்கள் முகட்டைத் தொடாமலே நின்றன. ஜன்னலுக்கு மேல் ஒன்று அந்தரத்தில் தொங்கியது.

துணிக்கு மீண்டும் வெள்ளையடித்தோம். இம்முறை வண்ணத்தைத் தொடுமுன் அறையின் அளவுகளை எழுதினோம். அகலம் 12 அடி, நீளம் 12 அடி, பக்கச் சுவர் 4 அடி, முகடு தரையிலிருந்து 10 அடி. சுவருக்கு மேல் கூரை 6 அடி ஏறுகிறது. சுவரிலிருந்து நடுமுகட்டுக்கும் 6 அடியே. ஆகவே சாய்வு 45 பாகை.

இங்கேதான் எங்கள் முதல் பெரிய தவறு வெளிப்பட்டது. தொலைவில் செல்லும் கோடுகள் ஒரு புள்ளியில் கூடும் என்று ஓவிய வகுப்பில் படித்திருந்தோம். அதனால் கைமரங்களையும் அப்புள்ளியை நோக்கி வளைத்து விட்டோம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில் நின்றது. உண்மையில், நம்மை விட்டு விலகிச் செல்லும் கோடுகளே புள்ளியில் கூடும். முகட்டு வளை, சுவர்ச் சட்டம், தரைப்பலகையின் இடுக்குகள் ஆகியவை அப்படிப்பட்டவை. கைமரங்கள் நம்மை விட்டு விலகிச் செல்வதில்லை. நமக்கு நேரெதிரே குறுக்காக நிற்கின்றன. எனவே அருகில் இருப்பதும் தொலைவில் இருப்பதும் 45 பாகையிலேயே சாயும். அளவு மட்டுமே சிறுக்கும்.

எவ்வளவு சிறுக்கும்? துணிக்கு 12 அடி முன்னால் ஒருவர் அமர்ந்து பார்ப்பதாகவும், அவர் கண் 4 அடி உயரத்தில் இருப்பதாகவும் கொண்டோம். துணியின் நடுவில் 4 அடி உயரத்தில் ஓர் ஆணி அடித்தோம். அதுவே கோடுகள் கூடும் புள்ளி. அறைக்குள் 4 அடிக்கு ஒன்றாக நான்கு பெரிய கைமர இணைகள். முதல் இணை துணியின் விளிம்பிலேயே உள்ளது. ஆகவே பார்ப்பவரிடமிருந்து அவை 12, 16, 20, 24 அடி தொலைவில் நிற்கும். தொலைவு இரட்டித்தால் அளவு பாதியாகும் என்பது வடிவொத்த முக்கோணங்களின் பாடம். எனவே அவற்றின் அகலம் துணியில் 12 அடி, 9 அடி, 7 அடி 2½ அங்குலம், 6 அடி என வந்தது. முன்பு நாங்கள் அகலத்தைச் சமமாக, இரண்டிரண்டு அடியாகக் குறைத்திருந்தோம். அதனால்தான் தொலைவிலிருந்த கைமரங்கள் விலகியும் அருகிலிருந்தவை நெருங்கியும் தெரிந்தன.

கண் மட்டமும் பக்கச் சுவரின் உயரமும் 4 அடியே என்பதால், சுவர்ச் சட்டம் துணியில் மட்டக் கோடாகவே ஆணியை நோக்கி ஓடியது. தாத்தா சுண்ணாம்பு தேய்த்த நூலை ஆணியில் கட்டி, மறுநுனியை முகட்டில் வைத்துச் சுண்டினார். முகட்டுக் கோடு ஒரே நொடியில் விழுந்தது. நான்கு இணைகளின் உச்சிகளும் அக்கோட்டின் மீதே அமர்ந்தபோது எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

அடுத்தது ஜன்னல். முதல் ஓவியத்தில் அதைச் சரிந்த கூரையின் மேல் ஒட்டிய காலண்டர் போல வரைந்திருந்தோம். டார்மர் ஜன்னல் கூரையோடு சாய்வதில்லை. அது பக்கச் சுவரின் மேல் நேராக நிற்கிறது. கூரைதான் அதற்கு வழிவிட்டுத் திறக்கிறது. சென்ற ஆண்டு சுற்றுலாவில் கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையில், கூரைச் சரிவிலிருந்து வெளியே நீளும் மர முகப்புகளைப் பார்த்திருந்தோம். அந்த நினைவு இப்போது உதவியது.

எங்கள் ஜன்னலின் உயரம் 3 அடி. அடிப்பகுதி 4 அடி உயரத்திலும், மேற்பகுதி 7 அடி உயரத்திலும் இருக்கும். ஜன்னலின் மேலிருந்து ஒரு சிறு கூரை மட்டமாக அறையை நோக்கி வருகிறது. பெருங்கூரை 45 பாகை சாய்வதால், சரியாக 3 அடி உள்ளே வந்ததும் அதைத் தொட்டு விடுகிறது. ஆகவே ஜன்னலின் பக்கவாட்டில் நிற்கும் சிறு சுவர் ஒரு செங்கோண முக்கோணம்: நிற்கும் பக்கம் 3 அடி, படுக்கும் பக்கம் 3 அடி, சாயும் பக்கம் கைமரத்தின் ஓரமே.

ஜன்னலை இரண்டாம், மூன்றாம் கைமரங்களுக்கு இடையில் வைத்தோம். நமக்குத் தெரிவது தொலைவிலுள்ள பக்கச் சுவர் மட்டுமே. அது மூன்றாம் கைமரத்தின் இடத்தில் நிற்பதால், துணியில் அதன் இரு பக்கங்களும் 1 அடி 9½ அங்குலம் ஆயின. அருகிலுள்ள பக்கச் சுவர் கூரைக்குப் பின்னால் ஒளிந்து கொள்ளும். கண்ணாடியின் பெரும்பகுதியையும் கூரை மறைக்கும். அந்த மறைவை வரைந்த பிறகுதான் ஜன்னலுக்கு ஆழம் வந்தது.

கடைசியாக, அந்தரத்தில் தொங்கிய கைமரம். பெரிய கைமரங்களுக்கு நடுவே ஒவ்வொரு சிறு கைமரம் உண்டு. ஜன்னல் உள்ள இடத்தில் அது கீழே இறங்க முடியாது. பாதியில் வெட்டப்பட வேண்டும். வெட்டிய மரத்தின் பாரத்தை யார் தாங்குவது? அதற்காக ஜன்னலின் தலைக்கு மேல், இரு பெரிய கைமரங்களுக்கும் இடையே, ஒரு தாங்கு கட்டை போடுவார்கள். வெட்டிய கைமரம் அதில் அமரும். பாரம் இருபுறமும் பகிர்ந்து இறங்கும். அக்கட்டையைத் தாங்கும் இரு கைமரங்களும் மற்றவற்றை விடப் பருமனாக இருக்க வேண்டும். நாங்கள் ஒரே ஒரு கட்டையை வரைந்ததும் தொங்கிய மரம் வீட்டோடு சேர்ந்து விட்டது.

குறுக்குச் சட்டத்தைச் சுவரின் தலையில் போடலாமா என்று ஒருத்தி கேட்டாள். "நாலடி உசரத்துல போட்டா அந்தப் புள்ள நெஞ்சுல இடிக்கும் தாயி. மேல ஏத்திப் போடு" என்றார் தாத்தா. 8 அடி உயரத்தில் போட்டோம். மேலே ஏற ஏறச் சட்டத்தின் பிடி குறையும். அதனால்தான் இங்கே முகட்டு வளை இருபுறத்துச் சுவர்களிலும் உறுதியாக அமர வேண்டியிருக்கிறது.

வண்ணம் பூசுமுன் தாத்தா ஒரு சோதனை வைத்தார். "ஒரு எறும்பு முகட்டுல ஏறி நிக்குதுன்னு வெச்சுக்க. மரத்துலயே நடந்து அது தரைக்கு வரணும். எங்கயாவது தாவ வேண்டியிருந்தா அங்க தப்பு." எங்கள் எறும்பு முகட்டிலிருந்து வெட்டிய கைமரத்தில் இறங்கி, தாங்கு கட்டையில் திரும்பி, பெரிய கைமரம் வழியே சுவர்ச் சட்டத்தை அடைந்து, சுவரில் இறங்கித் தரை சேர்ந்தது. நாங்கள் விரலால் அதன் வழியே தொடர்ந்து சென்றோம். ஓரிடத்திலும் தாவவில்லை.

விழாவன்று சேராவாக நடித்த தோழி, பசியோடும் குளிரோடும் அந்த ஜன்னலடியில் அமர்ந்தாள். மேடையில் அவள் சிறுமியாகத் தெரிந்தாள். அறை பெரிதாகவும் வெறுமையாகவும் தெரிந்தது. முன்வரிசையில் இருந்த சில தாய்மார்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பெற்றோர்களுக்குப் பின்னால் நின்றிருந்த தச்சர் தாத்தா மட்டும் அவளைப் பார்க்கவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரை விழுந்ததும் எங்களிடம் வந்து, "இனி விழாது" என்றார்.