உங்கள் கட்டுரையில் 'ஆழம் போதாது' என்று ஆசிரியர் எழுதியிருக்கிறாரா?

ஆசிரியர் இப்படிக் குறித்தால் உடனே நூலகத்துக்கு ஓடி மேற்கோள்களைக் கூட்டாதீர்கள். பெரும்பாலும் குறை அதுவல்ல. கட்டுரையில் கதையைச் சொல்லும் வரிகளை மட்டும் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். ஒரு பத்தியில் பாதிக்கு மேல் கோடு விழுந்தால் கை வைக்க வேண்டிய இடம் அதுதான்.

புதுமைப்பித்தனின் 'சாப விமோசன'த்தை எடுத்துக்கொள்வோம். "அகலிகை மீண்டும் கல்லாகிறாள், இது பெண்ணின் துயரத்தைக் காட்டுகிறது" என்பது யாரும் மறுக்க முடியாத வரி. அதனாலேயே ஆழமற்றது. முதல் முறை அவளைக் கல்லாக்கியது கோதமரின் சாபம். இரண்டாம் முறை சபித்தவர் எவருமில்லை. சீதையின் தீக்குளிப்பைப் பற்றி அவள் கேட்டறிந்த பிறகு அது நடக்கிறது. எனவே, "இரண்டாவது கல் தண்டனையல்ல, மறுப்பு" என்று எழுதலாம். இப்போது வாதம் பிறக்கிறது.

அடுத்து, அதை எதிர்க்கும் சான்றையும் நீங்களே வையுங்கள். கோதமர் தழுவும்போது அவளுக்கு இந்திரன் நினைவு வருகிறது; அப்படியானால் அது மறுப்பா, பழைய அச்சமா? எந்த வாசிப்பு வலுவானது, ஏன் என்று இரண்டு வரியில் தீர்ப்புச் சொல்லுங்கள். சொல் வரம்பு இடித்தால் கதைச்சுருக்கத்தை வெட்டுங்கள். ஆசிரியர் கதையைப் படித்தவர்தான்.