ஒவ்வொரு பணத்துக்கும் ஒரு கோடு

அன்புள்ள செல்வா,

கடைக் கணக்கை இனி நீ பார்க்கப்போகிறாய் என்று அக்கா சொன்னாள். தினமும் காலையில் மூன்று கணக்குகளின் இருப்பும் உன் போனுக்குச் செய்தியாக வர ஏற்பாடு செய்திருக்கிறாயாம். அதில் கடைசி வரியாக மொத்தத்தை வெள்ளியில் கூட்டிப் போட்டிருக்கிறாய் என்றும் கேள்விப்பட்டேன். முதலில் அந்த வரியை எடுத்துவிடு. அந்த ஒரு எண்ணை நம்பித்தான் நான் ஒருமுறை அடிபட்டேன்.

தூத்துக்குடியிலிருந்து பருப்புக் கொள்கலன் ஒன்று வந்திருந்தது. விலை 14,800 அமெரிக்க டாலர். பணத்தைக் கட்டினால்தான் வங்கி பில் ஆஃப் லேடிங்கைக் கொடுக்கும். செவ்வாய்க்கிழமை கட்ட வேண்டும். என்னிடம் 41,000 வெள்ளி, 6,200 டாலர், ஜோகூர் பாரு கணக்கில் 9,500 ரிங்கிட் இருந்தன. எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 52,000 வெள்ளி. பணம் தாராளமாக இருக்கிறது என்று பேசாமல் இருந்துவிட்டேன். செவ்வாய் மதியம் பணம் அனுப்ப உட்கார்ந்தபோதுதான் டாலர் கணக்கில் பாதிகூட இல்லை என்று கண்ணில் பட்டது. அன்றைக்கு டாலர் அனுப்பும் நேரம் முடிந்துவிட்டது. மறுநாள் காலை வங்கி சொன்ன விலைக்கு டாலர் வாங்கிக் கட்டினேன். அதற்குள் துறைமுகத்தில் இலவச நாட்களும் தீர்ந்து, வாடகையும் தலையில் விழுந்தது.

வெள்ளி நிறைய இருந்தும் டாலருக்கு ஆகவில்லை. ஒன்றை இன்னொன்றாக மாற்ற நாள் பிடிக்கும், அதுதான் காரணம். வழக்கமான விலையில் டாலர் வாங்கினால் அது கைக்கு வர இரண்டு வேலை நாள். அன்றே வேண்டும் என்றால் விலை கூடும். நடுவில் சனி ஞாயிறு வரும். அந்த வாரம் திங்கட்கிழமை அமெரிக்கத் தொழிலாளர் தின விடுமுறை வேறு. செப்டம்பர் முதல் திங்களன்று நம் சிங்கப்பூரில் கடை திறந்திருக்கும், ஆனால் நியூயார்க்கில் வங்கிகள் மூடியிருக்கும், டாலர் நகராது. அதனால் எச்சரிக்கை வைக்கும்போது நம் விடுமுறையோடு அந்தந்தப் பணத்தின் நாட்டு விடுமுறையையும் சேர்த்துக்கொள்.

இப்போது கோடு போடும் முறையைச் சொல்கிறேன். 'டாலர் 5,000-க்குக் கீழே போனால் சொல்' என்று நிலையான எண் ஒன்றை வைக்காதே. எனக்கு அப்படி வைத்திருந்தால் 6,200 இருந்ததால் அது வாயே திறந்திருக்காது. பணம் வந்து சேர இரண்டு நாள், சனி ஞாயிறு இரண்டு, விடுமுறை ஒன்று, கை இருப்பாக ஒரு நாள்: ஆக ஆறு நாள். அந்த ஆறு நாளுக்குள் டாலரில் கட்ட வேண்டியவற்றைக் கூட்டி இன்றைய டாலர் இருப்பிலிருந்து கழி. முந்தைய புதன்கிழமை காலையிலேயே இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் 6,200-இல் 14,800 போக 8,600 குறைகிறது என்று தெரிந்திருக்கும். இடைவங்கிக் கட்டணத்துக்கு 200 சேர்த்து 8,800 டாலரை அன்றே வாங்கியிருந்தால் வெள்ளிக்கிழமை கணக்கில் வந்து உட்கார்ந்திருக்கும். ரிங்கிட்டுக்கு வேறு நாள் கணக்கு, வேறு விடுமுறை. அதற்குத் தனிக் கோடு போடு.

செய்தி இப்படி இருக்கட்டும்:

```
புதன் காலை 9.00
டாலர்: 6,200 | 6 நாளில் கட்டவேண்டியது 14,800 | குறைவு 8,600
ரிங்கிட்: 9,500 | கட்டவேண்டியது 4,000 | போதும்
```

இருப்பு என்று எதை எடுக்கிறாய் என்றும் பார். வங்கித் திரையில் இரண்டு எண் இருக்கும்: கணக்கு இருப்பு, எடுக்கக்கூடிய இருப்பு. கடன் கடிதத்துக்காக வங்கி பிடித்து வைத்த பணம் முதல் எண்ணில் இருக்கும், இரண்டாவதில் இருக்காது. உனக்கு வேண்டியது இரண்டாவது.

கட்டவேண்டிய பட்டியலை நீதான் நிரப்ப வேண்டும். ஆர்டர் உறுதியான அன்றே தொகையையும் தேதியையும் எந்தப் பணம் என்பதையும் எழுது. பில் வந்த பிறகு எழுதலாம் என்று தள்ளினால் ஆறு நாள் முன்னால் பார்த்தும் பயனில்லை.

குறைவு இல்லாத நாளிலும் செய்தி வரட்டும். குறைந்தால் மட்டும் வரும்படி வைத்தால், கடவுச்சொல் காலாவதியாகி ஏற்பாடு நின்றுபோனதும் எல்லாம் சரியாக இருப்பதும் உனக்கு ஒன்றாகவே தெரியும். ஒன்பதரைக்குள் செய்தி வராத நாளில் நீயே வங்கித் திரையைத் திறந்து மூன்று கணக்கையும் பார்த்துவிடு. டாலர் வாங்கவேண்டிய நாளென்றால் அப்போதும் நேரம் மிச்சமிருக்கும்.

அன்புடன்,
மாமா
சிராங்கூன் சாலை