கேட்பதா, ஊகித்துச் செய்வதா? படம் திருத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். கூடவே, "அண்ணா, இதைச் சரி பண்ணிக் குடுங்க" என்று ஒரே ஒரு வரி. எல்லாவற்றுக்கும் திருப்பிக் கேட்டால் வேலை தேங்கும்; எதையுமே கேட்காவிட்டால் சில படங்களில் கைக்காசு போகும். எங்கே கேட்பது என்பதைப் படத்தின் வகையை வைத்து முடிவு செய்யலாம்.

1. தவறு எப்போது தெரியவரும் என்று பாருங்கள். திரையில் காட்டும்போதே தெரிந்துவிடும் என்றால் தாராளமாக ஊகிக்கலாம். அச்சாகி, கைமாறிய பிறகுதான் தெரியும் என்றால் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

2. வகை பிரியுங்கள்.

- விழாப் படம்: வெளிச்சம், நிறம், ஓரம் வெட்டுவது எல்லாம் உங்கள் கணிப்பிலேயே செய்து மாதிரி அனுப்புங்கள். பிடிக்கவில்லை என்றால் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம்.
- விசாப் படம்: எந்த நாட்டுக்கு என்று கேட்காமல் தொடாதீர்கள். அமெரிக்க விசாவுக்கு 2 அங்குலச் சதுரம். ஷெங்கன் விசாவுக்கு 35×45 மி.மீ. முகத்தை மெருகேற்றிய படத்தை அமெரிக்கத் தூதரகம் ஏற்காது. அளவு தவறினால் விண்ணப்பமே தாமதமாகும்.
- எழுத்துள்ள படம்: அழைப்பிதழில் மங்கிய எண் 6-ஆ 8-ஆ என்று ஊகிக்கவே கூடாது. தவறான முகூர்த்த நேரத்தோடு அடித்த கார்டு குப்பைக்குத்தான்.

3. பழைய படத்தில் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னணியில் உள்ள தூசி, மடிப்பு, கறை ஆகியவற்றைக் கேட்காமலே நீக்கலாம். முகத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். நெற்றியில் நெடுக்காக ஓடும் வெள்ளைக் கோடு விரிசலா, நாமமா? கன்னத்துப் புள்ளி கறையா, மச்சமா? கோடு நெற்றியைத் தாண்டிப் பின்னணியிலும் தொடர்ந்தால் அது விரிசல். நெற்றியோடு நின்றுவிட்டால் கேட்டே ஆக வேண்டும். நீங்கள் அழித்த மச்சம் வீட்டாருக்குத்தான் தெரியும், அதுவும் சட்டம் போட்டு மாட்டிய பிறகு.

அளவையும் இப்போதே பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தின் நீளப்பக்கம் 1600 பிக்சல் என்றால், 16 அங்குல அச்சில் அங்குலத்துக்கு 100 பிக்சல்தான் கிடைக்கும், முகம் மசங்கும். மூலப்படத்தைக் கேட்டு வாங்குங்கள். 3×4 அங்குலப் படத்தை 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 12×16 அங்குலத்துக்கு 300 டிபிஐ கிடைக்கும்.

4. பதில் சொல்ல எளிதாகக் கேளுங்கள். "எப்படி வேணும்?" என்று கேட்டால் "நல்லா பண்ணுங்க" என்றுதான் பதில் வரும். சந்தேகமான இடத்தை வட்டமிட்டு, "சார், தாத்தாவுக்கு இந்த இடத்தில் மச்சம் உண்டா? இருந்தால் விட்டுவிடுகிறேன்" என்று அனுப்புங்கள். இருக்கிற சந்தேகங்களை ஒரே செய்தியில் முடித்துக்கொள்ளுங்கள்.

5. பதில் வராவிட்டால் முகத்தில் உள்ளதை அப்படியே விடுங்கள். மிஞ்சிய கறையை அடுத்த வாரம்கூட நீக்கிக் கொடுக்கலாம். எழுத்திலும் விசாப் படத்திலும் பதில் வரும்வரை அச்சுக்கு அனுப்பாதீர்கள்.